சிவப்பு மையில் எழுதாத பெயர்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தின மாதம். பலாங்கொடை டவுனில் டெலிபோன் விற்கும் ஒரு ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்து எனக்கு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வயர் இல்லாமல், ஏரியல் மட்டும் வைத்த வீட்டு போன் அப்போதுதான் தேயிலைத் தோட்டப் பக்கமெல்லாம் பரவத் தொடங்கியிருந்தது. சிடிஎம்ஏ போன் என்று சொல்வார்கள். அதைத் தோட்டம் தோட்டமாகப் போய் விற்பதுதான் என் வேலை. நான் சாதாரணதரப் பரீட்சை வரைக்கும்தான் படித்தவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க வெட்கப்படுகிற ஆள். எனக்கு ஏன் இந்த வேலையைத் தந்தார்கள் என்றால், தோட்டத்து லய வீடுகளுக்குள் போய்த் தமிழில் பேச ஒருத்தி வேண்டும், அவ்வளவுதான்.

விற்பனைக்கு நாங்கள் ஆறு பேர். ஷோரூமுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மேனேஜர் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தார். அதில் எங்கள் ஆறு பேரின் பெயரும், யார் எத்தனை போன் விற்றார்கள் என்ற இலக்கமும் வரிசையாக இருக்கும். முதல் ஆளின் பெயர் பச்சையில், கடைசி ஆளின் பெயர் சிவப்பில், நடுவில் இருப்பவர்கள் நீலத்தில். தினமும் காலையில் கூட்டம் நடக்கும். பச்சைக்குக் கைதட்டு. சிவப்பு எழுந்து நின்று, நேற்று ஏன் குறைந்தது, இன்று எத்தனை கொண்டு வருவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்.

சிவப்பு எப்போதும் நான்தான். எழுந்து நின்று தேய்ந்த குரலில் இரண்டு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஒரு தடவை எங்கள் தோட்டத்து அக்கா ஒருத்தர் பில் கட்ட வந்தார். பலகையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஓம் பேர மட்டும் செவப்புல எழுதியிருக்காங்களே, ஏதும் பரிசா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். 

டவுனில் விற்பவர்களுக்குக் கடைக்காரர்கள், ஆசிரியர்கள் என்று ஆள் கிடைப்பார்கள். அடையாள அட்டைப் பிரதி கையிலேயே இருக்கும். எனக்குக் கிடைத்தவை தோட்டங்கள். அங்கே போன் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளைகளோடு பேச எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் பாதிப் பேரிடம் அடையாள அட்டை இல்லை. விண்ணப்பித்து வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள் இருந்தார்கள். யுத்த காலம், அட்டை இல்லாமல் ஒரு இணைப்பும் கொடுக்க முடியாது. அட்டை இருந்தால் தோட்ட ஆபீஸ் கடிதம் வேண்டும். கடிதமும் கிடைத்துவிட்டால் லயத்தில் சிக்னல் இருக்காது. இதையெல்லாம் பலகையில் எழுத இடமில்லை. இலக்கம் மட்டும்தான்.

தொடர்ந்து மூன்று மாதம் சிவப்பில் நின்றால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். நான் இரண்டு மாதம் நின்றாகிவிட்டது. அப்பா அப்போது இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். என் சம்பளத்தை நம்பித்தான் வீடு.

முதல் மாதம் நான் விற்ற ஒரு போனுக்கு இணைப்பைத் திறந்து உயிர் கொடுக்க ஒரு நாள் தாமதமாகி, அது அடுத்த மாதக் கணக்கில் போய் விழுந்தது. முதல் தடவையாகத் துணிந்து மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் பிரின்ட் தாளைத் தட்டிக் காட்டினார். "தங்கச்சி, கம்ப்யூட்டர்ல இருக்கிறதுதான் கணக்கு. வாய்க் கணக்கு எனக்கு வேணாம்." சிங்களவர், ஆனால் நன்றாகத் தமிழ் பேசுவார். அன்று அவர் சொன்னதை எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது மாதம் வேறொரு சிக்கல். கொழும்பிலிருந்து போன் பெட்டிகள் வரவில்லை. நாங்கள் விண்ணப்பங்களை மட்டும் நிரப்பி வாங்கி வந்தோம். அவை கம்ப்யூட்டரில் பதியும் சிங்கள அக்காவின் மேசை லாச்சிக்குள் குவிந்து கிடந்தன. விற்றவரின் இலக்கத்தையும் சேர்த்து அவர் பதிந்தால்தான் போனுக்கு உயிர் வரும், விற்பனையும் எங்கள் கணக்கில் ஏறும். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போதுதான் பெட்டிகள் வந்து சேர்ந்தன.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது எல்லாரும் சிரித்துப் பேசினார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எப்போதும் பச்சையில் இருப்பவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அண்ணன் என்ற முறையில் நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பலாங்கொடையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் ஆள், பேச்சிலேயே போனை விற்றுவிடுவார். அந்த மாதம் பதினாறு விண்ணப்பம் வைத்திருந்தார். என்னிடம் மூன்று.

"என்ன தங்கச்சி, சோத்தோட கோவமா?" என்றார்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. "நான் கொழுந்து பறிக்கவே போயிருக்கலாம் நானா. எங்கம்மாவுக்குக் காய்ச்சல் வந்து கூடை நெறயாத நாள்ல, நிறுக்க முன்னாடி பக்கத்து நெரைக்காரங்க ஆளுக்கு ஒரு புடி அள்ளிப் போட்டுருவாங்க. அரைநாள் கூலின்னு அரைப்பேரு விழாது, முழுநாளுக்கு முழுப்பேரு கெடைச்சுரும். இங்க ஆளாளுக்கு அவங்கவங்க கூடைதான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். வெட்கமாகப் போய்விட்டது. சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

கடைசி நாள் விடியவே டவுனுக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு குடும்பத்தில் அட்டையும் இருந்தது, கடிதமும் இருந்தது. சிக்னல்தான் இல்லை. சோதித்துப் பார்க்கத் தரும் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஒன்றும் இல்லை. பின்பக்கம் போனேன், கோழிக்கூட்டுக்கு மேலே தூக்கினேன். இல்லை. லயத்துப் பெண்கள் எல்லாரும் என் பின்னாலேயே வந்தார்கள். "இந்தப் பக்கம் தூக்கிப் பாரு புள்ள!" "இன்னும் ஒசத்தி, ஒசத்தி!" சாமி தூக்குகிற மாதிரி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தோம். கடைசியில் குசினி ஜன்னல் பக்கம் போனபோது திரையில் இரண்டு கோடு விழுந்தது.

நான் மூச்சுவிடும் முன்னே போன் அடித்தது! அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் கூவினார்கள். எடுத்தால், மறுமுனையில் நானா.

"தங்கச்சி, அந்த ஒன்னு கெடைச்சிச்சா?"

"இப்பதான் நானா சிக்னல் வந்துச்சு."

"கட்டாயம் கொண்டு வாங்க. அது இல்லாட்டிக் கணக்கு ஒதைக்கும்." வைத்துவிட்டார்.

என் ஒரு போன் இல்லாவிட்டால் என்ன கணக்கு உதைக்கும்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கார அக்கா ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார். "அடுப்புக்கிட்டதான் பேசுமா? நல்லதாப் போச்சு. எம் மவன்கூடப் பேசிக்கிட்டே ரொட்டி சுட்டுருவேன்." கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் வரவில்லை. கொழுந்து லொறி ஒன்றை மறித்து, டிரைவரிடம் கெஞ்சி, முன் சீட்டில் ஏறினேன். விண்ணப்பத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். ஷோரூமுக்குள் ஓடி வந்தபோது மாலைக் கூட்டத்துக்குக் கதிரைகள் போட்டாகிவிட்டது. சிங்கள அக்கா வாசலிலேயே நின்று கையை நீட்டினார். "கோ நங்கி? எங்க? குடுங்க, குடுங்க!" பறித்துக்கொண்டு போய் கம்ப்யூட்டரில் தட்டினார். நான் ஈரச் சேலையோடு கடைசிக் கதிரையில் உட்கார்ந்தேன். நாலு. எப்படிப் பார்த்தாலும் கடைசி. எழுந்து நின்று என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

மேனேஜர் பிரின்ட் தாளோடு வந்தார். பச்சைப் பேனாவைத் திறந்தார். தாளைப் பார்த்தார். நானாவின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒன்பது என்று போட்டார். பதினாறு வைத்திருந்தவருக்கு ஒன்பதா? நீலத்தில் அடுத்த பெயர், ஒன்பது. அடுத்தது, ஒன்பது. அவருடைய கை மெதுவானது. நாலாவது ஒன்பது. ஐந்தாவது ஒன்பது. சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். தாளில் என் பெயருக்கு நேரேயும் ஒன்பது!

 மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். சிங்கள அக்கா மட்டும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். லாச்சியில் இருந்த ஐம்பத்து நாலு விண்ணப்பத்தையும் ஆறாகப் பிரித்து எங்கள் இலக்கங்களைப் போட்டிருக்கிறார்கள். என்னுடைய நாலாவது வந்தால்தான் சரிசமமாகப் பிரியும். அதுதான் கணக்கு உதைக்கும் என்றது!

மேனேஜரின் முகம் சிவந்தது. "இது என்ன விளையாட்டு? யாருக்கு எத்தனை இருந்ததுன்னு எனக்குத் தெரியாதா?"

நானா எழுந்து, மிகவும் பணிவாகச் சொன்னார். "சேர், கம்ப்யூட்டர்ல இருக்கிறதுதானே கணக்கு?"

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். மேனேஜர் வாயைத் திறந்தார். அதற்குள் மேசையில் இருந்த போன் அடித்தது. ஒரு கையில் பேனா, மறு கையில் தாள். அவசரத்தில் ஸ்பீக்கர் பட்டனை அழுத்திவிட்டார். மாகாணத்துக்குப் பொறுப்பான பெரியவரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. கிளைகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தார், முதலாவது, இரண்டாவது என்று. மற்றக் கிளை மேனேஜர்களும் அதே அழைப்பில் இருந்தார்கள். எங்கள் கிளை கடைசிக்கு முந்தினது.

"டார்கெட் ஐம்பது, சேர், நாங்க தாண்டிட்டோம்" என்று எங்கள் மேனேஜர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்.

"எல்லாரும்தான் தாண்டியிருக்காங்க. நீ ஏன் கீழே இருக்கிறாய்? எல்லாரும் கேட்கிற மாதிரி சொல்."

மேனேஜர் நின்றுகொண்டே பதில் சொன்னார். நான் தினமும் காலையில் சொல்வதையேதான் அவரும் சொன்னார். இந்த மாதம் இப்படி ஆகிவிட்டது, அடுத்த மாதம் கட்டாயம் கூட்டுவேன். குரலும் என் குரல் மாதிரியே தேய்ந்து போயிருந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அழைப்பு முடிந்ததும் சிங்கள அக்கா எழுந்து போய் ஒரு கோப்பை பிளேன்டீ கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார். அவர் எங்களைப் பார்க்கவில்லை. சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் பெயரை நீலத்தில் எழுதினார்.

வெளியே வந்ததும் நானாவிடம் எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் தடுமாறினேன். முதலாம் இடத்துக்கு அந்த மாதம் ரைஸ் குக்கர் பரிசு. ஆறு பேருக்கும் ஒரே இலக்கம் என்பதால் அது யாருக்கும் இல்லாமல் போய்விட்டது.

"அத விடுங்க தங்கச்சி. ஊட்டுல ரைஸ் குக்கர் வருதுன்னு சொல்லிட்டேன். இனி அந்த மனுசிக்கு என்ன கத சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்" என்றார். மழையில் நின்று எல்லாரும் சிரித்தோம். அவ்வளவு பேர் நடுவில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த மாதமும் பலகை இருந்தது, இலக்கமும் இருந்தது. ஆனால் சிவப்புப் பேனா திரும்ப வரவில்லை, யாரையும் எழுப்பி நிற்க வைக்கவும் இல்லை. தீபாவளி முற்பணம் கிடைத்ததும் தோட்டங்களில் போன் வாங்க ஆள் கூடியது, நானும் மெல்ல மெல்ல மேலே வந்தேன். அந்த வேலையை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் வங்கியிலோ கடையிலோ பெயர்களை வரிசையாக எழுதித் தொங்கவிட்ட பலகையைக் கண்டால் என் கண் நேரே கடைசிப் பெயருக்குத்தான் போகிறது. அந்த ஆளின் கூடையில் யாராவது ஒரு பிடி கொழுந்து போட்டிருப்பார்களா என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டுத்தான் நகர்கிறேன்.