ராஜா பேசாமல் விட்ட வரி

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயில் மேடையில் அப்போது ஒரே ஒரு மைக்தான். உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும். எச்சில் தெறிக்கக் கூடாதென்று அதன் தலையில் சிவப்புக் கைக்குட்டை கட்டியிருப்பார்கள். எங்கே நின்று வாள் வீசினாலும், பேசுவதற்கு அதன் அடிக்குத்தான் வர வேண்டும். என் அண்ணன் அதற்கு நேர் கீழே நின்றுகொள்வார், நகர மாட்டார். மந்திரியும் தளபதியும் அவர் தோளுக்கு மேல் எக்கி எக்கிப் பேச வேண்டியதுதான். திருவிழா நாடகத்தில் எப்போதும் அண்ணன்தான் ராஜா. தக்காளித் தோட்டத்திலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான்.

நாடகம் முன்பிருந்த பங்குச்சாமியார் ஒருவர் எழுதிக் கொடுத்தது. கதை சின்னது. கோட்டைக் கதவை என் உத்தரவில்லாமல் திறப்பவன் யாராயிருந்தாலும் தலை போகும் என்று சபையில் ஆணையிடுகிறான் ராஜா. பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஜனங்கள் வெளியே தண்ணீருக்குக் கதறுவதைப் பொறுக்காமல் கதவைத் திறந்துவிடுகிறான் அவன் தம்பி. ராஜா கெட்டவனில்லை. கெட்டவன் வீழ்ந்தால் நமக்கென்ன, ஒழிந்தான் என்று எழுந்து போய்விடுவோம். சொன்ன சொல் தவறாதவன் என்றுதான் ஊரே அவனைக் கும்பிடுகிறது. அந்த நல்ல குணமே கொஞ்சம் கூடுதலாகி, நாலு பேர் முன்னால் சொன்னதைத் திரும்ப வாங்கத் தெரியாத வீம்பாக நிற்கிறது. அவனைக் கொல்வது அதுதான். தம்பியைக் கொல்கிறான், தம்பியை நேசித்த படை விலகிப் போகிறது, காவலில்லாத கோட்டைக்குள் பகைவன் நுழைகிறான், அதே கதவடியில் ராஜா விழுகிறான். ஒன்றிலிருந்து ஒன்று முளைக்கிறது. விதி என்று சொல்லித் தப்பிக்க அதில் இடமே இல்லை.

இது சபைக் காட்சிகளில் தெரியாது. அங்கே அவன் சிங்கம்தான். எல்லோரும் போனபின் மேடையில் தனியாக நின்று தனக்குத்தானே பேசுகிறானே, அந்தத் தனிமொழிகளில்தான் தெரியும். முதல் தனிமொழியில் தன் வீம்பையே கிரீடமாகப் புகழ்ந்துகொள்கிறான். இரண்டாவதில், தம்பி குற்றமற்றவன் என்று அவன் வாயாலேயே சொல்லிவிடுகிறான், ஆனால் அடுத்த மூச்சில் ‘சபை கேட்டுவிட்டதே’ என்கிறான். திரும்ப வழி திறந்திருக்கிறது, அவனுக்கே தெரிகிறது, இருந்தும் திரும்பவில்லை. மூன்றாவதில் எல்லாம் முடிந்தபின் புத்தி வருகிறது. அதற்கிடையே பக்கப் பேச்சுகள். கூட இருப்பவர்களுக்குக் கேட்காமல் ஜனங்களுக்கு மட்டும் கேட்பதாகப் பேசுவதை எங்கள் குழுவில் அப்படித்தான் சொல்வோம். வலது உள்ளங்கையைக் கன்னத்தருகே வைத்து முகத்தைத் திருப்பினால் அது பக்கப் பேச்சு. மற்றவர்கள் செவிடராய் நிற்க வேண்டும். ராஜாவைக் கவிழ்க்கக் காத்திருக்கும் மந்திரி அப்படித் திரும்பி, ‘கயிறு இவன் கழுத்தில் ஏற்கெனவே இருக்கிறது, நான் நுனியை மட்டும் பிடித்திருக்கிறேன்’ என்பான். ராஜாவுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடும். நிறுத்தவும் முடியாது.

ராஜாவுக்கும் ஒரே ஒரு பக்கப் பேச்சு உண்டு. தம்பி மண்டியிட்டிருக்கும்போது முகத்தைத் திருப்பி, ‘இவன் ஒருமுறை அண்ணா என்றால் என் ஆணையை நானே மிதிப்பேன்’ என்பான். தம்பிக்கு அது கேட்காது. ‘அரசே’ என்றுதான் கூப்பிடுவான். அவ்வளவுதான், தலை போய்விடும். நாடகத்தின் உயிரே அந்த வரியில்தான் இருக்கிறது. அதை அண்ணன் வெட்டிவிட்டார். “ராஜா எளகினா ஜனம் சிரிக்குமுங்க. எல்லாம் அந்த மந்திரிப் பய பண்ணுன வேல” என்று குழுவிடம் சொல்லிவிட்டார். இரண்டாவது தனிமொழியையும் மிரட்டலாகவே முழங்குவார். மந்திரி கெடுத்த ஒரு நல்லவனின் கதையாக அது ஆகிப்போனது. கைதட்டலுக்குக் குறைவில்லை.

அவருடைய ஒரே மகள் தர்மபுரியில் கல்லூரியில் தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. பக்கத்தில் ஊசி நூலோடு உடை சரிசெய்துகொண்டு நான். அந்த வரி வேண்டும் என்று அவள் வீட்டில் மன்றாடிப் பார்த்தாள். ஒத்திகைக்கு, ஞாயிறு பூசை முடிந்து பங்கு ஜனம் முழுக்க உட்கார்ந்திருந்தது. தம்பி மண்டியிட்டான். அண்ணன் ஒரு கணம் மௌனமாக நின்றார். அவர் வரியை மறந்துவிட்டார் என்று நினைப்பதுபோல, வெட்டிய அந்த வரியை எடுத்துக் கொடுத்தாள் அவள். மைக் அவள் குரல் எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. கோயில் திடல் முழுக்கக் கேட்டது.

ஜனம் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் “ஐயோ” என்றார், அவ்வளவுதான். அந்த ‘ஐயோ’ தனக்கு வர வேண்டிய கைதட்டல் என்று அண்ணனுக்குத் தெரியவில்லை, பாவம். பாவம் என்ன பாவம்! கிரீடத்தோடு திரும்பி, அதே மைக்கில், “இனிமே இவ என் வூட்டுப் படி மிதிக்கக் கூடாது. நான் உசுரோட இருக்கற வரைக்கும்” என்றார். சாமியார் எழுந்து வந்து சமாதானம் சொன்னார். “சொன்னது சொன்னதுங்க, சாமி” என்றார் அண்ணன். ஊரே கேட்டுவிட்டதே.

அவள் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து படுத்து எழுந்தபின் ஒருநாள் காலை பஸ்ஸில் வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்றாள். முற்றத்து நாற்காலியில் அண்ணன், பக்கத்தில் அண்ணியும் நானும். “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டாள். அப்பா என்று சொல்லவில்லை. அண்ணன் வலது கையைத் தூக்கிக் கன்னத்தருகே வைத்தார். மாட்டுக்கொட்டகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அவ ஒருதரம் அப்பான்னு கூப்பிடட்டும், எம் பேச்ச நானே மிதிக்கறேன்” என்றார்.

மேடையில் பேச மறுத்த வரியை மனிதர் கடைசியில் பேசிவிட்டார். ஓடிப்போய் கேட்டைத் திறந்து “உள்ள வாடி கண்ணு” என்றேன். பின்னாலிருந்து குரல் இடித்தது: “யாரு வூட்டுக் கேட்ட யாரு தொறக்கறது?” பக்கப் பேச்சைக் கேட்டவள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளலாமா? அதுதான் என் மேல் கோபம். அவள் கொண்டுவந்த சாத்துக்குடிப் பையைக் கேட்டடியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அடுத்த மழைக்கு முன் அண்ணன் போய்விட்டார். அவள் கல்லறைக்கு வந்தாள், வீட்டுக்கு வரவில்லை. அண்ணி இன்றுவரை அந்தக் கேட்டைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். சொல் தவறாத மனிதர் என்று ஊர் இன்னும் பேசுகிறது. பேசட்டும், வாய் வலிக்காது அவர்களுக்கு.

இத்தனை காலம் எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது. அவளுக்கு அன்று அது கேட்டிருக்காது, கேட்டிருந்தால் அப்பா என்று கூப்பிட்டிருப்பாள் என்பது. இந்த வருடத் திருவிழாவில் பொடியன்கள் அதே நாடகத்தைப் போட்டார்கள், அந்த வரியைச் சேர்த்து. ஆளுக்கொரு காலர் மைக். புது ராஜா மெதுவாகத்தான் சொன்னான். பின்வரிசை வரை ஜனம் மூக்கை உறிஞ்சியது. மறுநாள் அவளுக்கு போன் போட்டுச் சொன்னேன். “அன்னிக்கு உங்கப்பனும் அதேதான் சொன்னாரு. பாவி, உனக்குக் கேக்காமப் போச்சே” என்றேன்.

“கேட்டுச்சுங்க அத்தே” என்றாள். “அது ஜனத்துக்குச் சொன்னதுங்க. எனக்குச் சொல்லல.”

பழைய மைக்கை யாரும் கழற்றவில்லை. ஒயரை அறுத்துவிட்டார்கள்; கைக்குட்டை வெளுத்து, அதே கயிற்றில் தொங்குகிறது. நேற்று கோயிலுக்குப் போனபோது அதன் அடியில் போய் நின்று பார்த்தேன். அண்ணனைத் திட்ட வேண்டும்போல இருந்தது, திட்டினேன். உரக்கத்தான் திட்டினேன்.