முதல் பன்னிரண்டு நொடிகள்

அந்த டிரெய்லரின் முதல் வடிவம் இன்னும் என் மடிக்கணினியில் கிடக்கிறது. தப்பித்தவறித் திறந்து பார்த்துவிடுவேனோ என்று அந்தக் கோப்புறைப் பக்கமே நான் போவதில்லை.

மைசூரில் இறுதியாண்டு படிக்கும்போது நாங்கள் இருவர் சேர்ந்து ஒரு மொபைல் கேம் செய்தோம். தேவராஜ மார்க்கெட்டில் தலையில் மல்லிகைக் கூடையோடு சந்து சந்தாகப் போகும் ஒரு சுமைதூக்கி. ஃபோனை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கூடையைக் கவிழாமல் காப்பாற்ற வேண்டும். நிரல் எழுதியவள் என் வகுப்புத் தோழி. தமிழ் பேசும் மார்டள்ளி கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தாள். கூடை சரிந்தால் ஒவ்வொரு பூவும் தனித்தனியாக உருண்டு விழ வேண்டும் என்று எட்டு மாதம் மல்லுக்கட்டினாள். படம் வரைந்தது நான். டிரெய்லர் வெட்டும் வேலையும் என் தலையில் விழுந்தது. பெங்களூரில் ஒரு மாணவர் கண்காட்சி. டிரெய்லரை மட்டும் பார்த்துத் தேர்வு செய்வார்கள். தேர்வானால் ஒரு மேசை கிடைக்கும், முன்பின் தெரியாதவர்கள் வந்து விளையாடுவார்கள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நான் வெட்டியதைச் சொல்லவே கூசுகிறது. முதலில் கல்லூரிச் சின்னம் தங்க நிறத்தில் சுற்றிக்கொண்டு வரும். பிறகு வழிகாட்டிப் பேராசிரியரின் பெயர், பிறகு எங்கள் பெயர்கள். எங்கள் துறையில் எல்லா வீடியோவும் அப்படித்தான் தொடங்கும். அப்புறம் கறுப்புத் திரையில் பெரிய எழுத்தில் 'ஆர் யூ ரெடி?' எதற்கு ரெடி? பூக்கூடைக்கு! இதற்கே பன்னிரண்டு நொடி. அதன் பிறகுதான் விளையாட்டே தலைகாட்டும்.

கேன்டீனில் ஒரு முதலாண்டு மாணவனிடம் ஃபோனைக் கொடுத்தேன். ஒன்பதாவது நொடியில், "கேம் எல்லி?" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கேமையே காணோமாம்.

அவள் கடைசிவரை பார்த்தாள். "ஒரு பூகூட கீழ விழலையே?" என்றாள்.

விழாதுதான். சோதனைக்காக அவள் வைத்திருந்த சுவிட்ச் ஒன்று உண்டு. அதைப் போட்டால் கூடை கவிழவே கவிழாது. என் பழைய ஃபோனில் திரையைப் பதிவு செய்துகொண்டே பூக்களைக் கொட்டினால் படம் திக்கித் திணறியது. அதனால் சுவிட்சைப் போட்டு வழவழவென்று பிடித்துவிட்டேன்.

"ஃபோன சாய்க்கறது வீடியோல தெரியாதுடா. கூடையும் சாயலைன்னா, ஒரு ஆளு சும்மா நடந்து போறான், அஷ்டே, அவ்ளோதான். விழறதுதானே நம்ம கேமு?"

எட்டு மாத உழைப்பை ஒரு சுவிட்சில் அணைத்துவிட்டு அதைத் தொழில் சுத்தம் என்று நினைத்திருந்தேன். என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது.

மறுபடி செய்தோம். விடுதித் தோழி ஒருத்தியின் புதிய ஃபோனை இரவல் வாங்கி, அறிவிப்புகளை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம். முதல் நொடியிலேயே கூடை சரிகிறது. ஈரத் தரையெல்லாம் மல்லிகை. ஒரு மாடு நிதானமாக வந்து தின்கிறது. சத்தம் அறுந்து, திரையில் ஒரே ஒரு சொல்: 'மறுபடியும்.' உடனே அடுத்த ஓட்டம், அடுத்த சரிவு. சின்னமும் பெயர்களும் கடைசி இரண்டு நொடிக்குப் போயின. அதே முதலாண்டு மாணவன் மாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இந்த கேம் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். அவள் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

துறைக் கணக்கிலிருந்துதான் பதிவேற்ற வேண்டும். கோப்போடு நான் மட்டும் போனேன். பேராசிரியர் பார்த்தார். "லோகோ ஃபர்ஸ்ட் பரபேக்கு" என்றார். சின்னம் முதலில் வர வேண்டும், அவ்வளவுதான். கோபம்கூடப் படவில்லை. ஏன் கடைசியில் வைத்தோம் என்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். "ஆயித்து சார்" என்று தலையாட்டினேன். அவர் மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து, அந்தப் பன்னிரண்டு நொடியை என் கையாலேயே முன்னால் ஒட்டிக் கொடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

தேர்வாகவில்லை. நடுவர் ஒருவர் குறிப்பு அனுப்பியிருந்தார்: பத்து நொடி பார்த்தேன், விளையாட்டு வரவில்லை, அடுத்ததற்குப் போய்விட்டேன்.

துறைக் கணக்கில் பதிவேறியிருந்த வீடியோவை அவள் திறந்தாள். தங்கச் சின்னம் சுற்றிக்கொண்டு வந்தது.

"யாருடா இத முன்னாடி போட்டது?"

"சார்தான் போட்டிருக்கணும்," என்றேன். "எனக்கே இப்பதான் தெரியும்."

வீடியோவை மூடினாள். பிறகு என் முதுகில் தட்டினாள்.

"விடுடா. நீ நல்லாத்தான் வெட்டிக் குடுத்த."