முப்பது நிமிடத்தில், நான்கு பேருக்கு, இறால் தொக்கு

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் செயல்முறைக் குறிப்புகள் எழுதினேன். எந்த வால்வை எப்போது திறப்பது, யார் கையெழுத்திடுவது என்பதெல்லாம் அவற்றில் இருந்தது. யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.

மீஞ்சூர் வீட்டில் என் மருமகள் ஒரு சமையல் வலைத்தளத்துக்குச் சோதனைப் பதிவு எழுதிக்கொண்டிருந்தாள். தேறினால் அங்கே நிரந்தர வேலை. தலைப்பும் அறிமுகமும்தான் சோதனை. தளத்தார் ஒரு கீவேர்டும் கொடுத்திருந்தார்கள். ஜனங்கள் தேடும்போது தட்டுகிற சொற்கள் அவை: ‘30 நிமிடத்தில் 4 பேருக்கு இறால் தொக்கு’. அது சிதையாமல் தலைப்பிலும் அறிமுகத்தின் முதல் வரியிலும் வர வேண்டும்.

“முப்பது நிமிஷம்னு யாரு பார்த்தா?” என்று கேட்டுக் கைக்கடிகாரத்தோடு அடுப்படியில் நின்றேன். அரை கிலோ இறாலை உரிக்கவே இருபது நிமிடம் ஆயிற்று. அதன்பின் அடுப்பைப் பற்றவைத்து அணைக்க இருபத்தெட்டு நிமிடம். உரித்தபின் எடை கால் கிலோவுக்குச் சற்றே கூட. காலை ஷிஃப்ட் முடிந்து வந்த மகன் சாப்பிட்டதும் சட்டி காலி. எனக்கும் அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்த மசாலாதான் மிச்சம்.

“நாலு பேருன்னு போட்டா பொய்யாயிடும்மா. தலைப்பை மாத்து.”

“கீவேர்ட மாத்த முடியாது மாமா. தொக்க மாத்தலாம்.”

பணிக்காலம் முழுவதும் நடந்த வேலைக்கு ஏற்பக் காகிதத்தைத் திருத்தியவன் நான். காகிதத்துக்கு ஏற்ப வேலையைத் திருத்தும் ஒருத்தி என் வீட்டிலேயே இருந்தது அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் ஒரு கிலோ வாங்கி முன்பே உரித்து வைத்தாள். வெங்காயம் கூடினால் வதங்க நேரமாகும் என்று அகலமான சட்டியை எடுத்தாள். இருபத்தொன்பது நிமிடம். அதற்குள் நான் பதினொரு வரியில் ஓர் அறிமுகம் எழுதி நீட்டினேன், நிபந்தனைகளே நான்கு.

“இன்னா மாமா இது? இத படிச்சிக்கினு இருந்தா தொக்கு அடிப் புடிச்சிக்கும்!” என்று சிரித்துவிட்டு, நின்றபடியே போனில் தட்டினாள்:

“30 நிமிடத்தில் 4 பேருக்கு இறால் தொக்கு செய்யலாம், இறாலை முன்பே உரித்து வைத்திருந்தால். ஓட்டோடு ஒரு கிலோ வாங்குங்கள், உரித்தால் அரை கிலோ தேறும். ஷிஃப்ட் முடிந்து வருபவர் வீட்டில் இருந்தால் மட்டும் அவரை இரண்டு பேராக எண்ணிக்கொள்ளுங்கள்.”

நேரம், ஆள், எடை, விதிவிலக்கு எல்லாம் மூன்று வரியில் இருந்தன. வாசல்வரை போய் மறுபடி படித்தேன். திருத்த ஒன்றும் அகப்படவில்லை.

சாயங்காலம் தளத்திலிருந்து பதில் வந்தது: அப்படியே போடுகிறோம், திங்கட்கிழமை முதல் வேலைக்குச் சேரலாம். திருத்தமே கேட்காமல் ஏற்கப்பட்ட ஒரு குறிப்பை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.