பதினான்காம் கேள்வி, இரண்டாம் பிரிவு

கல்லூரியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் சம்பளப் பிரிவில் மட்டும்தான். மற்ற எல்லாருக்கும் அவர் பாயிண்ட் சார். "கதை வேண்டாம், பாயிண்ட் பாயிண்ட்டா எழுதுங்க" என்று வகுப்புக்கு நாலு தடவை சொல்லிச் சொல்லியே வாங்கிய பட்டம். அவருக்கும் அதில் வருத்தமில்லை. அவர் வீட்டில் அதுவரை பேனா பிடித்தவர் யாருமே இல்லை; கைநாட்டு வைக்கிற அப்பாவுக்கு மகனாகப் பிறந்து முதுகலை முடித்து, டேட்டாபேஸ் பாடம் நடத்துகிறவருக்குப் பட்டப்பெயர் கிடைப்பதே ஒரு மரியாதைதான்.

அந்த வருடம் கேள்வித்தாள் தயாரிக்கும் பொறுப்பும் முதன்முறையாக அவரிடம் வந்தது. ரகசியமாக வைக்க வேண்டிய சேதி. வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட முடியவில்லை, பணி இன்னும் நிரந்தரமாகவில்லை, அதற்குள் இப்படி ஒரு மரியாதை. பரீட்சை முடிந்ததும் ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னார். அப்பா ஊரையே கூட்டிவிட்டார்.

"என் பையன் கேட்ட கேள்விக்குத்தான்டா நாலு ஜில்லாப் புள்ளைங்களும் பதில் எழுதுதுங்க!"

"அப்பா, மெதுவா. இதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது."

"சொல்லக்கூடாதுன்னா ஏன்டா எங்கிட்ட சொன்ன?"

கேள்வித்தாளில் பதினான்காவது கேள்வி இரண்டு பிரிவு. முதல் பிரிவில் ஒரு பரிவர்த்தனைக்கு இருக்க வேண்டிய நாலு குணங்களை விளக்க வேண்டும்: பாதியில் நிற்கக் கூடாது, விதிகளை மீறக் கூடாது, பக்கத்தில் ஓடும் இன்னொன்றின் அரைகுறை வேலை இதைக் கெடுக்கக் கூடாது, முடிந்த பின் கரண்ட் போனாலும் அழியக் கூடாது. அட்டாமிசிட்டி, கன்சிஸ்டன்சி, ஐசலேஷன், டியூரபிலிட்டி. தலைகீழாக நின்று கேட்டாலும் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள்.

இரண்டாம் பிரிவுதான் ஆளைப் பார்க்கிற இடம். இரண்டு பரிவர்த்தனைகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடுகிற வரிசை ஒன்று கொடுத்திருந்தார். அப்படிக் கலந்து ஓடியது, ஒன்று முடிந்து இன்னொன்று ஓடியதற்குச் சமமா, இல்லையா? படம் போட்டுக் காட்டு. எட்டு மதிப்பெண்.

எக்ஸ், ஒய் என்று இரண்டு மதிப்புகளை வைத்து முதலில் அவர் எழுதிய வரிசை இது: இரண்டாவது எக்ஸைப் படிக்கிறது, முதலாவது எக்ஸில் எழுதுகிறது, முதலாவது ஒய்யில் எழுதுகிறது, இரண்டாவது ஒய்யைப் படிக்கிறது. எக்ஸைப் பார்த்தால் இரண்டாவது முன்னால் வர வேண்டும், ஒய்யைப் பார்த்தால் முதலாவது முன்னால் வர வேண்டும். இரண்டு அம்புக்குறியும் எதிரெதிரே போய் வளையம் விழுந்துவிடும். வளையம் விழுந்தால் சமமில்லை. விடைக் குறிப்பிலும் அப்படியே எழுதிவைத்தார்.

கேள்வித்தாளைச் சரிபார்க்க உட்கார்ந்த மூத்த பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்: "தம்பி, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே வரிசைதான் வந்துச்சு. ஏதாவது மாத்துங்க."

சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. முதல் கேள்வித்தாளிலேயே காப்பி என்ற பேரா? அங்கேயே பேனாவை எடுத்து, முதலாவது எக்ஸில் 'எழுதுகிறது' என்பதை 'படிக்கிறது' என்று அடித்துத் திருத்தினார். தாளில் டபிள்யூ ஆர் ஆனது, ஒரே ஒரு எழுத்து. அரை நிமிட வேலை. விடைக் குறிப்பு வேறு உறைக்குள் ஒட்டப்பட்டிருந்தது. அதைத் திறந்து திருத்த மறந்தே போனார்.

இதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரே நோட்டீஸை இரண்டு பேர் நின்று படித்தால் யாருக்கும் சண்டை வராது. எவர் முதலில் படித்தாலும் ஒன்றுதான். ஒருவராவது எழுதினால்தான் மோதல். எழுத்து மாறியதும் எக்ஸில் மோதலே இல்லாமல் போயிற்று. மிஞ்சியது ஒய் மட்டும். அம்பு ஒன்றுதான், முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு. வளையமில்லை. வரிசை சமம்தான். விடைக் குறிப்போ "சமமில்லை" என்று அடம்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் ஒரு மேசைக்கு ஒரு நாளைக்கு நாற்பது தாள் வீதம், குறிப்பைப் பார்த்துத் திருத்தினார்கள். பழைய கேள்வித்தாளை உருப்போட்டு வந்த பிள்ளைகள் கேள்வியைச் சரியாகப் பார்க்காமலேயே வளையம் போட்டிருந்தார்கள். எட்டுக்கு எட்டு. யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

முடிவுகள் வந்த பத்தாம் நாள், திங்கட்கிழமை காலை, விடைத்தாள் நகல் தரும் கவுண்டரில் கண்காணிப்பு வேலை சாருக்கு. குட்டி டீச்சர் வந்து நின்றாள். விடுதியில் அவளுக்கு அதுதான் பெயர்; பரீட்சைக்கு முந்தின வாரம் அவள் அறையில் தரையிலும் கட்டிலிலும் பத்துப் பேர் உட்கார்ந்து பாடம் கேட்பார்கள். அந்தப் பத்துப் பேரும் பாஸ். அவள் வாங்கியது நாற்பத்தைந்து. பாஸாக ஐம்பது வேண்டும்.

"சார், ஒரு டவுட். ரெண்டு பேருமே படிச்சா மட்டும் கான்ஃப்ளிக்ட் வராதுல்ல?"

"வராது. அதுக்கென்ன இப்ப?"

அவள் நகலைத் திருப்பி வைத்தாள். ஒன்றரைப் பக்கம். எக்ஸில் ஏன் மோதலில்லை, ஒய்யில் ஏன் உண்டு, எந்த வரிசைக்குச் சமம் என்று பாயிண்ட் பாயிண்ட்டாக, அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே. மேலே சிவப்பு மையில் ஒன்று. படத்தில் இரண்டு வட்டம் போட்டதற்கு ஒரு மதிப்பெண்.

"பழைய பேப்பர்ல வளையம் வந்துச்சு சார். எனக்கு வரல. நான்தான் தப்பு பண்றேன்னு மூணு தடவ போட்டுப் பாத்தேன். அதுலயே நேரம் போயிருச்சு. கடைசிக் கேள்விய தொடவே முடியல."

சாருக்குத் தன் கையெழுத்தில் அந்த அடித்தல் திருத்தல் கண்முன் வந்து நின்றது. பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். பக்கத்து நாற்காலியில் அலுவலக உதவியாளர்.

"ஆன்சர் கீயில என்ன இருக்கோ அதான்மா. நீ மறுமதிப்பீட்டுக்குப் போட்டுக்கோ."

"அது வர ஒரு மாசம் ஆகும் சார். வேலை கிடைச்ச கம்பெனில வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பாஸ் சர்ட்டிஃபிகேட் கேட்டிருக்காங்க. இல்லன்னா லிஸ்ட்ல இருந்து எடுத்துருவாங்க."

"அடுத்தவங்க நிக்கிறாங்க பாரு."

அவள் நகலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மதியம் யாருமில்லாத வகுப்பறைக்குப் போய்க் கரும்பலகையில் போட்டுப் பார்த்தார். இரண்டு வட்டம், ஒரு அம்பு. வேண்டுமென்றே இன்னொரு அம்பு போடப் பார்த்தார், போட இடமில்லை. கையால் துடைத்ததில் சட்டையெல்லாம் சுண்ணாம்பு.

அன்றைக்கே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அறைக்குப் போயிருக்கலாம். இருபது அடி தூரம். ஆனால் புதன்கிழமை அவருடைய பணி நிரந்தரத்துக்கான நேர்காணல். அந்தக் குழுவில் தேர்வு அலுவலர் அம்மையாரும் இருந்தார். "முதல் கேள்வித்தாளிலேயே பிழை" என்று ஒரு வரி கோப்பில் ஏறினால் போதும்.

சாயங்காலம் வீட்டில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

"என்னங்க, சட்டையில வெள்ளையடிச்சிட்டு வந்திருக்கீங்க?"

சொன்னார். முழுக்கச் சொன்னார். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் ரிப்போர்ட்ல நம்பர் மாத்திப் போட்டுட்டேன்னு தெரிஞ்சா, டீ குடிச்சிட்டு வந்து சொல்றேன்னு சொல்ல முடியுமா? அந்த நிமிசமே டாக்டருக்குப் போன் போடணும்."

"உனக்கென்ன, நீ பெர்மனென்ட்."

அவள் கத்தியை எடுத்தாள். மறுபடி நறுக்கத் தொடங்கினாள், கொஞ்சம் சத்தமாக. அன்று இரவு தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். 'என்னங்க' மட்டும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஐசலேஷன் நிலைகள் நடத்த வேண்டியிருந்தது. "முடிஞ்ச மதிப்ப மட்டும்தான் படிக்க விடுவேன்னு சொல்ற நிலையில, இன்னும் முடியாத அரைகுறை மதிப்பு கண்ணுல படாது. ஆனா அதே வரிய திரும்பப் படிச்சா, நடுவுல எவனாவது மாத்தி முடிச்சிருந்தா, வேற மதிப்பு வரும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார். முன்பெஞ்சுப் பையன் "சார், பாயிண்ட் முடிஞ்சுதா?" என்றான். வகுப்பு சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை நேர்காணல் பன்னிரண்டு நிமிடம். "கேள்வித்தாள் தயாரித்த அனுபவம்?" என்று அந்த அம்மையாரே கேட்டார். "நல்லபடியா போச்சு மேடம்" என்றார். வெளியே வந்ததும் கை குலுக்கினார்கள். நிரந்தரம். அப்பாவுக்குப் போன் போடவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தேர்வு அலுவலகக் கதவு திறக்கும் முன்பே, கடிதத்தோடு வாசலில் நின்றார். அம்மையார் இரண்டு தடவை படித்தார்.

"எழுத்த மாத்தினீங்க, கீய மாத்தல. சரி. இது எப்ப தெரியும்?"

"திங்கட்கிழமை மேடம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நேற்று இந்த ஆளோடுதான் கை குலுக்கினோம் என்பது அவர் முகத்தில் ஓடியது. திட்டவில்லை. "திங்கட்கிழமையே சொல்லியிருந்தா புதன்கிழமை குழு கூட்டி முடிச்சிருப்பேன். இப்பவே கூட்டுறேன். ஆனா விடைத்தாள் கட்டெல்லாம் எடுத்து, திருத்தி, கையெழுத்தாக நாளைக்கு மத்தியானம் ஆயிடும். அதுக்கு முன்னாடி ஒரு சர்ட்டிஃபிகேட்டும் என்னால தர முடியாது."

பிழை நிர்வாகத்தினுடையது என்பதால் வளையம் போட்டவர்களின் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை, சரியாகப் போட்டவர்களுக்கு எட்டையும் தருவது என்று முடிவாயிற்று. சரியாகப் போட்டிருந்தவர்கள் மொத்தம் பதினோரு பேர். அதில் தோல்வியிலிருந்து மீண்டது ஒருத்தி. ஐம்பத்திரண்டு. சார் மூன்று வருடத்துக்குக் கேள்வித்தாள் தொடக்கூடாது என்று உத்தரவு. வேலையை யாரும் தொடவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சான்றிதழை அவரே எடுத்துக்கொண்டு விடுதி வாசலுக்குப் போனார். குட்டி டீச்சர் காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டே வந்தாள். வாங்கிப் படித்தாள்.

"கம்பெனிக்கு நேத்து சாயங்காலமே போன் பண்ணேன் சார். லிஸ்ட் மூடியாச்சாம். அடுத்த பேட்ச் எப்பன்னு தெரியாதாம்."

"நான் பேசுறேன்மா. கடிதம் எழுதித் தர்றேன், தப்பு எங்களோடதுன்னு."

"எழுதுங்க சார்." துணியைக் கையில் மாற்றிக்கொண்டாள். "கேள்விய நீங்கதான் எடுத்தீங்கன்னு இன்னைக்கு ஹாஸ்டல்ல சொன்னாங்க. நெசமா?"

"ஆமா."

"அப்ப திங்கட்கிழமை கவுண்டர்ல நான் காட்டினப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. பிறகுதான் போட்டுப் பார்த்தேன் என்று சொன்னாலே பாதி உண்மை.

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சார்?"

"புதன்கிழமை எனக்கு இன்டர்வியூ."

அவள் தலையை ஆட்டினாள், கணக்கு புரிந்துவிட்ட மாதிரி.

"கடிதத்துல அதையும் எழுதிருங்க சார்" என்றாள். "நான் லேட்டாக்கினேன்னு அவங்க நினைச்சிரக்கூடாது."

சார் விடுதி வாசல் படியிலேயே உட்கார்ந்து, மடியில் ஃபைலை வைத்து எழுதத் தொடங்கினார். அவள் பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.