கடைசிப் படத்தில் ஒரு வரி

என் தோழியின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன வருடம், நாங்கள் இருவரும் சேர்ந்து இன்ஸ்டா பக்கம் ஒன்றைத் தொடங்கினோம். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கான பக்கம். படுத்திருப்பவரை எப்படித் திருப்பிப் போடுவது, முதுகில் புண் வராமல் எப்படிப் பார்ப்பது, கஞ்சியை எந்தப் பதத்தில் கொடுப்பது என்று அவள் கிள்ளானில் தன் வீட்டில் கற்றுக்கொண்டதையெல்லாம் குரல் பதிவாக எனக்கு அனுப்புவாள். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன விளம்பர அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். அவள் சொன்னதை ஐந்தாறு படங்களாகப் பிரித்து, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் படிக்கிற கரோசலாக ஆக்குவது என் பொறுப்பு. வாரத்துக்கு ஒன்று, வியாழக்கிழமை மதியம்.

கடைசிப் படத்தில் என்ன போடுவது என்பதில்தான் எனக்குத் திருப்தி வரவில்லை. எல்லாரையும் போல 'சேமித்து வையுங்கள், பகிருங்கள்' என்று போட்டேன். யாரும் அதைக் கவனிக்கவில்லை. 'அன்புடன் நாங்கள்' என்று போட்டுப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் என்று பெயரைப் பார்க்காமலே தெரிய வேண்டும். சின்னதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே எழுத்து, அதே நிறம், அதே இடம். அலுவலகத்தில் மற்றவர்களின் பொருளுக்கு இதைத்தான் நாள் முழுவதும் செய்துகொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துக்கு மட்டும் வரி அகப்படவில்லை.

ஒருநாள் அவள் அனுப்பிய குரல் பதிவு, பேசி முடித்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. போனை நிறுத்த மறந்திருக்கிறாள். அம்மாவின் கையில் ஸ்பாஞ்சைக் கொடுத்துப் பிழியச் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு, எட்டு. அம்மா மூச்சு வாங்குவது கேட்டது. எட்டோடு நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்: "சரிம்மா, இன்னிக்கு இது போதும். நாளைக்குப் பாக்கலாம்."

உடனே அவளைக் கூப்பிட்டேன். "இதுதான் நம்ம கடைசி வரி."

"அது நான் அம்மாகிட்ட சொல்றது லா."

"அதனாலதான் நல்லா இருக்கு. யாருமே இப்படிச் சொல்ல மாட்டாங்க."

"சரி, போட்டுப் பாரு," என்றாள். அந்த மூன்று சொல்லை நான் முழுச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வெளிர் மஞ்சள் பின்னணி, நடுவில் அந்த வரி, வேறொன்றும் இல்லை. நாலைந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பெண், செமினியில் மாமியாரைப் பார்த்துக்கொள்பவர், கருத்துப் பகுதியில் எழுதினார்: "கடைசிப் படத்துக்காகவே தள்ளிக்கிட்டு வரேன்." அடுத்த வாரம் இன்னொருவர் நான் போட்ட ஐந்தாவது நிமிடத்திலேயே அந்த வரியைத் தானே எழுதிவிட்டார். பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. யார் முதலில் எழுதுவது என்று போட்டி. சிலர் களைத்துப்போன நாளில் தங்கள் சொந்தப் படத்தின் கீழும் அதை எழுதினார்கள்.

மருத்துவமனையில் கைப்பயிற்சி கொடுக்கும் பெண் ஒருநாள் என் தோழியின் அம்மாவிடம், "ஆன்டி, இன்னிக்கு இது போதும்," என்று சொல்லிச் சிரித்தாளாம். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. என் தோழி இதைச் சொன்னபோது நான் சந்தோஷத்தில் கத்தினேன். அவள் சிரித்தாளா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

மறு வருடம் அம்மாவுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. இந்தத் தடவை விழுங்கவும் முடியவில்லை, மூக்கில் குழாய். ஸ்பாஞ்சுக்கு வேலையில்லாமல் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அந்த வரிய கொஞ்ச நாளைக்கு எடுத்துடுறியா?"

"ஏன்?"

"என்னால அம்மாகிட்ட அதச் சொல்ல முடியல. வாய் வரைக்கும் வருது, நம்ம பேஜ்ல பேசுற மாதிரியே இருக்கு. நாளைக்குப் பாக்கலாம்னு சொல்றதுக்கும் பயமா இருக்கு."

நான் அவளிடம் கனிவாகத்தான் பேசினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. "ஒரு தடவ விட்டா மறந்துடுவாங்க டி. அத வெச்சுத்தான் நம்மள அடையாளம் தெரியுது. கொஞ்சம் பொறு, அம்மா தேறி வரட்டும், அப்புறம் யோசிப்போம்."

"ம்," என்றாள். மறுபடி கேட்கவில்லை.

அம்மா ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் இறந்துபோனார். அவள் எனக்கு அம்மாவின் பழைய படம் ஒன்றையும் நான்கு வரிகளையும் அனுப்பினாள். இத்தனை நாளும் அம்மாவை விசாரித்தவர்களுக்கெல்லாம் தெரியப்படுத்த வேண்டும், அடக்கம் எந்த நேரம் என்றும் போட வேண்டும், உன்னால் முடிந்தபோது போடு என்றாள். எப்போதும் போடுவதற்கு முன் அவளுக்கு அனுப்பிக் காட்டுவேன். அன்று அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. போன வாரத்துக் கரோசலைப் பிரதி எடுத்து, முதல் நான்கு படங்களை மாற்றினேன். ஐந்தாவது படத்தை நான் மாற்றியதே கிடையாது. கையும் அந்தப் பக்கம் போகவில்லை. போட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன்.

வெளியே வந்து போனைப் பார்த்தபோது, முகம் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. "அக்கா, கடைசிப் படத்தப் பாருங்க."

அம்மாவின் முகம், பிறந்த ஊர், அடக்க நேரம், ஜெபிக்கச் சொல்லி ஒரு வேண்டுகோள். அதற்கடுத்து மஞ்சள் பின்னணியில், இன்னிக்கு இது போதும், நாளைக்குப் பாக்கலாம். கீழே அஞ்சலிகளுக்கு நடுவே பலர் கும்பிடும் கைகளோடு அதே வரியை எழுதியிருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அங்கே அதை எழுதப் பழக்கியதே நான்தான்.

கரோசலிலிருந்து ஒரு படத்தை மட்டும் தனியாக நீக்க முடியும். நீக்கினேன். அந்த வரி இருந்த கருத்துகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன். பிறகு அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். நான் தட்டி முடிப்பதற்குள் அவளிடமிருந்து ஒரே சொல் வந்தது. "பாத்தேன்."

அப்போதே எழுந்து ரயிலேறியிருக்க வேண்டும். கிள்ளானுக்கு ஒரு மணி நேரம்தான். நானோ நீளமான மன்னிப்பு ஒன்றைத் தட்டி அனுப்பிவிட்டு, மறுநாள் அடக்கத்துக்குத்தான் போனேன். வீட்டில் கூட்டம். அவள் என் கையில் மைலோ டம்ளரைக் கொடுத்தாள். சமையலறைப் பக்கம் ஆள் இல்லாதபோது மெதுவாகச் சொன்னாள்.

"நீ வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் கேட்டேன்ல?"

யாரோ கூப்பிட, முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பக்கத்தை மூடிவிடலாமா என்று பிறகு கேட்டேன். "வேணாம். அதப் பாத்துத்தான் எத்தனையோ பேரு செய்றாங்க. அந்த வரிய மட்டும் எடுத்துடு," என்றாள். எடுத்துவிட்டேன். கொஞ்ச நாள் ஏன் காணோம் என்று கேட்டார்கள். நான் காரணம் சொல்லவில்லை. ஒருவரும் பக்கத்தை விட்டுப் போகவில்லை. மறந்துவிடுவார்கள் என்று நான் பயந்தது போல எதுவும் நடக்கவில்லை. அவள் கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

அவள் இப்போது மேருவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். பக்கத்துக்கு வேண்டியதை இன்னமும் அனுப்புகிறாள், ஆனால் குரலில் இல்லை. எண் போட்டு, சுருக்கமாக, எழுத்தில் வருகிறது. நானும் அதை அப்படியே படங்களாக்கி, போடுவதற்கு முன் தவறாமல் அனுப்பிக் காட்டுகிறேன். "ஓகே," என்று பதில் வரும்.