முப்பத்தோராவது எழுத்து

குருபோங் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அலுவலகம். தமிழ் நிகழ்ச்சிகளுக்கு மலாயில் வசனவரி எழுதிக் கொடுப்பதுதான் அங்கே வேலை. பேசுவது திரையில் ஓடும்போது கீழே இரண்டு வரியில் மொழிபெயர்ப்பு வருமே, அதை எழுதுகிறவள் பவானேஸ்வரி. வயது நாற்பத்தாறு. பதினோரு வருடமாக எழுதுகிறாள். இத்தனை பேர் அவள் எழுதியதைப் படித்திருக்கிறார்கள், ஒருத்தருக்காவது அவள் பெயர் தெரியுமா என்றால் தெரியாது. அதைப் பற்றி அவளும் கவலைப்பட்டதில்லை, அந்த வியாழக்கிழமை வரைக்கும்.

அலோர் காஜா பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினாள். தமிழ்ப்பள்ளி முடித்து மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, மலாயில் கட்டுரை எழுதினால் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். அந்தத் திறமையை வைத்துக்கொண்டு என்ன செய்தாள்? தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் மின்னணுச் சில்லு பொருத்தினாள். கண் கெட்டுப்போனதும் வெளியே வந்தாள். அப்புறம்தான் இந்த வேலை கிடைத்தது.

சும்மா சொல்லக்கூடாது, தொடக்கத்தில் உயிரைக் கொடுத்து எழுதினாள். நம் ஆட்கள் பேசுவதில் பாதிச் சங்கதி வாக்கியத்தின் கடைசியில்தானே ஒட்டிக்கொண்டிருக்கிறது! ‘வந்தான்’ என்பது ஒரு சொல். ‘வந்தானாம்’ என்றால், நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள். ‘வந்தானோ’ என்றால் சந்தேகம். ‘வந்துட்டானே’ என்றால், அட, எதிர்பார்க்கவே இல்லையே. ‘அவன்தான் வந்தான்’ என்றால் வேறு எவனும் இல்லை. இந்த ஒட்டுகளை அவள் ‘வால்’ என்பாள். ஒவ்வொரு வாலுக்கும் மலாயில் எது ஈடு என்று நீல அட்டை நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தாள். ‘ஆம்’ வந்தால் ‘கத்தாஞா’. ‘ஓ’ வந்தால் ‘அகாக்ஞா’. திடுக்கென்று தெரிய வந்தால் ‘ருப்பாஞா’. ‘இல்ல?’ என்று ஆமோதிப்புக் கேட்டால் ‘கான்’. ‘கொனோன்’ என்று ஒன்று உண்டு, அதுவும் ‘ஆம்’ மாதிரிதான், ஆனால் அதில் கேலி கலந்திருக்கும், துக்க வீட்டுப் பேச்சுக்குப் போடாதே என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள். அவ்வளவு கவனம்.

கவனம் எல்லாம் எத்தனை நாளைக்கு? மலாயை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவது, அதில் ஒரு வரிக்கு முப்பத்தேழு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. பார்க்கிறவன் படித்து முடிக்க வேண்டும், அதனால் விநாடிக்குப் பதினைந்து எழுத்துதான். இடைவெளியும் புள்ளியும் அதில் சேர்த்தி. தாண்டினால் கணினியில் வரி சிவப்பாகிவிடும். சிவப்பு இருந்தால் சேனல்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அலுவலகத்தை நடத்துகிற திருச்செல்வம் அவளைவிடப் பத்து வயது இளையவன், நல்லவன்தான், ஆனால் எப்போதும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட அவசரம்.

“அக்கா, வாலை வெட்டுங்கக்கா. சங்கதி போனாப் போதும்லா” என்பான்.

வெட்டினாள். முதலில் மனம் உறுத்தியது. பிறகு கை தானாக வெட்டியது. நீல நோட்டு மேசை இழுப்பறைக்குள் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை வந்தது அந்தக் காணொளி. இணையச் சேனல் ஒன்று காணாமல் போனவர்களைப் பற்றித் தொடர் எடுத்துக்கொண்டிருந்தது. அலோர் காஜா தாண்டி உள்ளே இருக்கிற ஒரு தோட்டத்தில் கலைமகள் என்ற இருபத்திரண்டு வயதுப் பெண், வேலை முடிந்து வீடு திரும்பவில்லை. எட்டு மாதமாகிறது. அவளுடைய அம்மா ராஜம்மா வாசற்படியில் உட்கார்ந்து பேசினாள். அழவில்லை.

“முனியாண்டி லோரியில ஏறிப் போனாளாம்” என்றாள் ராஜம்மா. மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னாள். “யாரு பாத்தான்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கல. அவனும் பிள்ளகுட்டிக்காரன். அவன் செஞ்சானோ, இல்ல வேற எவனோ, நான் என்னத்தக் கண்டேன்?”

பேச்சு வேகம். முதல் வாக்கியத்துக்குச் சரியாக இரண்டு விநாடி. முப்பது எழுத்து. பவானேஸ்வரி ‘கத்தாஞா’ என்று தொடங்கி, ‘அவள் முனியாண்டி லாரியில் ஏறினாள்’ என்று மலாயில் அடித்தாள். முப்பத்தொன்று. வரி சிவப்பானது. மணி நாலே முக்கால். கதவோரம் திருச்செல்வம் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, “இதோ, அஞ்சு மணிக்கு வந்துரும்” என்று யாருக்கோ சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தான். அவள் கை ‘கத்தாஞா’வை அழித்தது. வரி வெள்ளையானது. அடுத்த வரியில் இருந்த ‘ஓ’க்களும் போய், ‘அவன் செய்தானா, எனக்குத் தெரியாது’ என்று சுருங்கியது.

கோப்பு போனது. அவள் போகிற வழியில் கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டே கைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ராஜம்மாவின் முகம் வந்து நின்றது. பதினோரு விநாடித் துண்டு. சேனலில் துண்டு வெட்டுகிற மலாய்க்காரப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. கோப்பில் இருக்கிற வசனவரியைப் படித்து, எது சூடாக இருக்கிறதோ அதை வெட்டுவாள். அதுதான் அவள் வேலை, அவளைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்திருந்தாள். கொட்டை எழுத்தில்: அவள் முனியாண்டி லாரியில் ஏறினாள். அதற்குமேல் ராஜம்மாவின் பார்வை, ஒரு முழக்கம், திரை கறுப்பு. ‘நான் என்னத்தக் கண்டேன்’ எங்கேயும் இல்லை.

பெரும்பாலானோர் கைபேசியைச் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளே கீழே ஓடுவதைத்தான் படிக்கிறார்கள். நாலாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். ‘அம்மாவே சொல்லிவிட்டாள்.’ ‘போலீஸ் ஏன் இன்னும் சும்மா இருக்கிறது?’ அதற்குக் கீழே ஒருவன் லாரியின் படத்தைப் போட்டிருந்தான், எண் தெளிவாகத் தெரிந்தது. அதற்கும் கீழே இன்னொருவன் தோட்டத்துப் பெயர், தொழிலாளர் வீட்டு வரிசையான லயம், வீட்டு இலக்கம் எல்லாம் எழுதி, ‘சாயங்காலம் யார் யார் வர்றீங்க?’ என்று கேட்டிருந்தான். கட்டைவிரல் தூக்கியவர்கள் முப்பத்தெட்டுப் பேர்.

பவானேஸ்வரி சோற்றை அப்படியே வைத்துவிட்டுத் திருச்செல்வத்திடம் ஓடினாள்.

“செல்வம், இந்தத் துண்டை எடுக்கச் சொல்லு. அந்தம்மா போனாள்னு சொல்லல. போனாளாம்னு சொல்றாங்க. நான்தான் வெட்டிட்டேன்.”

திருச்செல்வம் பார்த்தான். சேனலுக்குப் போன் அடித்தான், பேசினான், கெஞ்சினான். “எடுத்துடுறாங்களாம்” என்றான் கடைசியில். “ஆனா மத்தவங்க இறக்கி வச்சிருக்கிறத என்னக்கா செய்றது?”

எடுத்துடுறாங்களாம். அந்த ‘ஆம்’ இப்போது அவள் காதில் எவ்வளவு பெரிதாகக் கேட்டது!

இழுப்பறையிலிருந்து நீல நோட்டை எடுத்துப் பிரித்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. கணினியில் அந்த வரியைத் திறந்து ‘கத்தாஞா’வைத் திரும்பப் போட்டாள். சிவப்பு. முப்பத்தொன்று. பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘அவள்’ என்பதற்கு மலாயில் ‘டியா’ என்று மூன்றெழுத்து. மலாய்க்காரர்கள் பேசும்போது அதை விட்டுவிடுவார்கள், ஒன்றும் குறையாது. அதையும் அதன் பக்கத்து இடைவெளியையும் அழித்தாள். இருபத்தேழு. வெள்ளை.

இடம் இருந்திருக்கிறது. அரை நிமிடம் யோசித்திருந்தால் போதும். பாவி, அரை நிமிடம்! மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து கார் சாவியை எடுத்தாள்.

“எங்கக்கா போறீங்க? நமக்கு எதுக்குக்கா வம்பு?”

“வம்பு நான் பண்ணினதுடா.”

போகிற வழியிலேயே போலீஸ் நிலையத்துக்கு அடித்து லயத்தின் பெயரைச் சொன்னாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை.

நாலரைக்குத் தோட்டத்துக்குள் நுழைந்தாள். இரண்டு பக்கமும் செம்பனை, வெயில் இருக்கும்போதே பாதை இருட்டாகக் கிடந்தது. பிறந்து வளர்ந்த மாதிரியான இடம்தான், ஆனாலும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். பாதை முடிகிற வேலியோரம் நாலைந்து மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ஆட்கள் இல்லை.

லயத்தின் கடைசி வீடு. வாசலில் அந்த லாரி. முன்கண்ணாடி நொறுங்கி உள்பக்கமாகச் சரிந்திருந்தது. ஏற்றிய குலைகள் இறக்கப்படாமல் அப்படியே இருந்தன. லாரிக் கதவில் யாரோ சிவப்புச் சாயத்தால் ‘கொலைகாரன்’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதியிருந்தார்கள். சாயம் இன்னும் காயவில்லை.

முனியாண்டியின் மனைவி மலர்க்கொடி வெளியே வந்தாள். கையில் துடைப்பம், இடுப்பில் சின்னப் பெண். கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக் குவித்திருந்தாள்.

“நீங்க யாரு?”

“குருபோங்லேர்ந்து வர்றேன்மா. பவானேஸ்வரி. அந்த வீடியோவுக்கு...”

மலர்க்கொடி துடைப்பத்தைக் கீழே வைத்தாள். “நீங்கதானா எழுதினது? யாரோ ஆபீஸ்ல எழுதினதுன்னு ராஜம்மா அக்கா வந்து அழுதாங்க. நான் அப்படிச் சொல்லலடி, சொல்லவே இல்லடின்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க.”

“ஆமா. நான்தான்.”

பதினோரு வருடத்தில் தன் பெயரில் அவள் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். மலர்க்கொடி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்தப் பொண்ண அன்னைக்கு இவரு பாக்கவே இல்லக்கா. லோரி அப்ப மூணு நாளா ஜாசின் பட்டறையில கெடந்துச்சு. போலீஸ்ல பில்லு வரைக்கும் காட்டியாச்சு. கண்ணாடிய ஒடச்சதும், ரிப்போட் குடுத்துட்டு வர்றேன்னு மூணரை மணிக்கு நடந்து போனாரு. குறுக்குப் பாதையில. போன் அடிச்சாப் போகல.”

பவானேஸ்வரி வேலியோரம் பார்த்தாள். ஆளில்லாமல் நின்ற மோட்டார் சைக்கிள்கள் இங்கிருந்தும் தெரிந்தன. அதைத் தாண்டித்தான் குறுக்குப் பாதை செம்பனைக்குள் இறங்குகிறது. மலர்க்கொடியும் பார்த்தாள். அவளும் இவ்வளவு நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

“வந்துருவாருல்லக்கா?”

பவானேஸ்வரி அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். நெஞ்சுக்குள் ஓ, ஆம், என்னமோ என்று எல்லா வாலும் வந்து முட்டியது. பதினோரு வருடப் பழக்கம், அத்தனையையும் வெட்டினாள்.

“வந்துருவாரு” என்றாள்.

மலர்க்கொடி அதை அப்படியே நம்பினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பைப் பற்ற வைக்க உள்ளே போனாள். வேலியோரம் ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்புகிற சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று. முனியாண்டி போன குறுக்குப் பாதை வழியே, செம்பனைக்குள்ளிருந்து ஆட்கள் திரும்பி வந்திருந்தார்கள், அவர்கள் மட்டும். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.