பத்து பைசாவுக்காகக் காத்திருந்த வாரம்

மாதம் பிறந்து மூன்றாம் தேதி காலை என் போனில் மணி அடிக்கும். துபாயில் இருக்கும் மகனும் நானும் ஒரே நினைவூட்டலை வைத்திருந்தோம்: ரேட்டு பார், பணம் அனுப்பு, வந்ததா என்று உறுதி செய். முதல் வேலை என்னுடையது. இரண்டாவது அவனுடையது. பணம் திண்டிவனத்தில் என் வங்கிக் கணக்குக்கு வரும். வந்ததும் அவனுக்குச் சொல்லிவிட்டு, விழுப்புரம் பக்கம் கோலியனூரில் தாய்வீட்டில் இருக்கும் மருமகளுக்கு மாற்றிவிடுவேன்.

அந்த மாதம் துபாய் நாணயமான திர்ஹாமின் ரூபாய் மதிப்பு ஏறும் என்று செய்தித்தாளைப் படித்துக் கணித்தேன். "ஒரு வாரம் பொறுப்பா, திர்ஹாமுக்குப் பத்து பைசா கூடும்" என்றேன். அவன் அனுப்புவது ஆயிரத்து ஐந்நூறு திர்ஹாம். கூடுதலாகக் கிடைப்பது நூற்றைம்பது ரூபாய். மருமகள் போனில் கேட்டபோது, "அனுப்பிட்டாம்மா, வந்துக்கினு இருக்கு" என்று பொய் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பேரனுக்கு வேகவைத்து எடுத்துக்கொண்டு கோலியனூர் போனேன். வீட்டு வாசலில் பத்துப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மகன் விசாவுக்காக மருமகள் எடுத்த குழுக்கடனின் தவணை நாள் அது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களும் எழுந்து போகக் கூடாது. வசூலிக்க வந்தவர் பைக் மேல் சாய்ந்து நின்றார். அந்தப் பெண்களைக் களையெடுக்க ஏற்றிப்போகும் வண்டி ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தது.

"மாமா, பணம் வந்துடுச்சா?" என்றாள் மருமகள்.

நான் பதில் சொல்லுமுன் அவள் கையிலிருந்த போனில் மகன் குரல் கேட்டது. ஸ்பீக்கர் போட்டிருந்தாள்.

"நான் இன்னும் அனுப்பவே இல்லம்மே. அப்பாதான் ரேட்டு ஏறட்டும்னாரு."

பெண்களில் மூத்தவள் ஒருத்தி என்னைப் பார்த்தாள்.

"இன்னா பெரியவரே, ரேட்டு ஏறிச்சா? எங்க கூலி போச்சு."

"நம்ம பத்து பேரு கூலி போனதுல அவருக்கு எம்மாம் லாபம்னு கேளுக்கா" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள்.

என் சட்டைப்பையில் பஸ்சுக்கு வைத்திருந்த பணம்தான் இருந்தது. அவர்களே முந்தானை முடிச்சுகளை அவிழ்த்து மருமகளின் தவணையைச் சேர்த்துக் கட்டினார்கள். மல்லாட்டைப் பையைப் பிடித்தபடி நின்றேன். என்னை உட்காரச் சொன்னவள் மருமகள்தான்.

மகன் அன்றே பணம் அனுப்பினான். ரேட்டு நான் பார்த்ததைவிட இறங்கியிருந்தது. அடுத்த மாதம் முதல் பணம் நேராக மருமகள் கணக்குக்கே போகிறது. அவன் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை.

மூன்றாம் தேதி என் போனில் இன்னும் மணி அடிக்கிறது. இந்த மாதம் ரேட்டு நன்றாகவே ஏறியிருந்தது. அதை மகனிடம் சொல்லாமல் மருமகளை மட்டும் அழைத்தேன்.

"பணம் வந்துச்சாம்மா?"

"நேத்தே வந்துடுச்சு மாமா" என்றாள். பிறகு, "குழுவுல அக்காங்க உங்கள கேட்டாங்க" என்றாள்.

என்ன கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.